இரண்டு சக ஊழியர்களைப் பேச்சுக்கு அழைக்கும் கடிதம்: யார் பக்கமும் சாயாமல் எழுதுவது எப்படி

எச்.ஆர். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் இப்படி ஒரு கடிதம் எழுதினேன். ஒரே வரியில்தான் தப்பு. அலுவலகக் கடிதம் என்றால் மேலே ‘பொருள்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி போட்டுப் பழகிய கை. பார்வையில் ‘இன்ன தேதியிட்ட கடிதம்’ என்று எழுதிவிட்டேன். இரண்டு பேரில் ஒருவர் அதைப் படித்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். “அப்போ அவர் எழுதிக் கொடுத்திருக்கார். முதல்ல அதைக் காட்டுங்க” என்றார். அதற்குமேல் பேச்சு எங்கே நடக்கும்?

அந்தக் கடிதத்தில் நடுநிலை என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. ஆனால் ஒருவர் புகார் கொடுத்தவர், இன்னொருவர் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை ‘பார்வை’ வரி முதலிலேயே சொல்லிவிட்டது. சாய்வு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, கை பழகிய வரிகளில் ஒளிந்துகொண்டு. புதிதாக இந்தப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்காக, நான் இப்போது எழுதும் முறையை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

எழுதலாமா என்று முதலில் பாருங்கள்

எல்லாத் தகராறும் இந்தக் கடிதத்துக்கு உரியதல்ல. பாலியல் தொல்லை என்று ஒரு சொல் வந்தால்கூட நிறுத்திவிடுங்கள். அது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன் கீழ் உள்ள உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டிய விஷயம். அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு சமரசத்துக்கு இடம் தருகிறது, ஆனால் பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான். பணம் கொடுத்துத் தீர்ப்பதற்கும் அங்கே இடமில்லை. நாம் முந்திக்கொண்டு “வாங்க, உட்கார்ந்து பேசுவோம்” என்று எழுதுவது உதவி அல்ல, அழுத்தம். சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, கை நீட்டியது, திருட்டு, ஏற்கெனவே ஒழுங்கு நடவடிக்கை ஓடிக்கொண்டிருப்பது ஆகியவற்றுக்கும் இந்தக் கடிதம் பொருந்தாது.

இன்னொரு சோதனையும் உண்டு. இருவரில் ஒருவர் “வேண்டாம்” என்று சொன்னால் உங்களால் சும்மா இருக்க முடியுமா? முடியாது, எப்படியும் ஏதாவது உத்தரவு போட்டே ஆக வேண்டும் என்றால், உத்தரவையே போடுங்கள். கட்டாயத்துக்கு அழைப்பு என்று பெயர் வைத்தால் அடுத்த முறை உண்மையான அழைப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உதாரணம்

பல இடங்களில் பார்த்ததைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிறேன். பெயர்கள் கற்பனை. கோவைப் பக்கம் ஒரு பம்ப் செட் தொழிற்சாலை. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் முருகேசன், சீனியர். அசெம்பிளி சூப்பர்வைசர் சரவணன், நாலு வருடம் ஆனவர். இண்டெண்ட் ஸ்லிப் இல்லாமல் சரவணனின் ஆட்கள் பேரிங் எடுத்துப் போகிறார்கள், மாதக் கடைசியில் ஸ்டாக் இடிக்கிறது என்பது முருகேசனின் குறை. ஸ்லிப் கொடுத்தாலும் மெட்டீரியல் வர முக்கால் மணி நேரம் ஆகிறது, லைன் நிற்கிறது, திட்டு வாங்குவது நான்தான் என்பது சரவணனின் குறை. ஒரு நாள் ஸ்டோர்ஸ் ஜன்னல் முன்னால், தொழிலாளர்கள் பார்க்க, இருவருக்கும் வாய்த் தகராறு முற்றிவிட்டது. அதிலிருந்து பேச்சு இல்லை. “போய் அவர்கிட்ட சொல்லு” என்று ஒரு ஹெல்பர் பையன் வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள்.

பேனா எடுப்பதற்கு முன்

யார் நடத்தப் போகிறார்கள், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், அங்கே பேசுவது யாருக்குத் தெரியும் ஆகிய ஐந்தும் முடிவாகாமல் கடிதம் எழுத உட்காராதீர்கள். இவற்றைப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், படிப்பவர் அந்த வெற்றிடத்தைத் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வார்.

நடத்துபவர் இருவருக்கும் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. இருவரில் ஒருவருடைய மேலதிகாரியாகவும் இருக்கக் கூடாது. புகாரைக் கேட்ட நாமும் கூடாது, ஏனென்றால் இருவர் கதையும் நம் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. நம் உதாரணத்தில், இரண்டாவது யூனிட்டில் வேலை செய்யும், மத்தியஸ்தப் பயிற்சி பெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

இடம், ஸ்டோர்ஸிலிருந்தோ லைனிலிருந்தோ பார்த்தால் தெரியாத அறையாக இருக்கட்டும். கண்ணாடித் தடுப்பு போட்ட கான்ஃபரன்ஸ் ரூம் வேண்டவே வேண்டாம். நேரம் டியூட்டியில் சேர வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் பேச வரமாட்டார், முடித்துவிட்டுப் போக வருவார்.

பெயர் என்ன வைப்பது

தமிழில் எழுதும்போது இதுதான் என்னை அதிகம் படுத்தியது. ‘சமரசம்’ நல்ல சொல்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் சமரச மையம் தொடங்கிய பிறகு நீதிமன்றம் பக்கம் போகிறவர்களுக்கு அது பழகியும் விட்டது. ஆனால் தொழிற்சாலைக்குள் அதே சொல்லுக்கு வேறு வாடை. யூனியன் அனுபவம் உள்ளவருக்குத் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் நடக்கும் பேச்சுவார்த்தை ஞாபகம் வரும். மற்றவருக்கு ‘சமரசம் செய்துகொள்’ என்றால் விட்டுக்கொடு என்று அர்த்தம். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிற மனிதரிடம் எடுத்த எடுப்பில் விட்டுக்கொடு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

‘நடுவர்’ என்றால் தீர்ப்பு சொல்கிறவர். ‘பஞ்சாயத்து’ என்றாலும் முடிவில் நாட்டாமை ஒன்று சொல்லியாக வேண்டும். ‘கவுன்சலிங்’ என்றால் எனக்கு என்ன கோளாறு என்று கேட்பார்கள். அதனால் நான் ‘மத்தியஸ்தப் பேச்சு’ என்று ஒரு தடவை எழுதி, அடுத்த வரியிலேயே அது என்ன என்று சாதாரணப் பேச்சில் சொல்லிவிடுகிறேன். தலைப்பு எதுவானாலும் மனதில் நிற்பது அந்த விளக்கம்தான்.

விஷயத்தைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம்

கடிதத்தில் தகராறைப் பற்றி ஒரே வாக்கியம் போதும். அந்த ஒன்றுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்: “கடந்த மூன்று வாரங்களாக, ஸ்லிப் இல்லாமல் மெட்டீரியல் எடுப்பது தொடர்பாக உங்கள் இருவருக்கும் தகராறு இருந்து வருகிறது.” பார்த்தால் பொதுவாகத்தான் தெரிகிறது. ஆனால் ‘ஸ்லிப் இல்லாமல் எடுப்பது’ என்பது முருகேசன் வைத்திருக்கும் பெயர். சரவணன் இதையே எழுதினால் ‘மெட்டீரியல் தாமதமாவது’ என்று எழுதுவார். எந்தப் பெயரை எடுத்தாலும் ஒருவரின் வழக்கை எடுத்துக்கொண்டோம் என்று ஆகும். இரண்டையும் தாங்குகிற பெயர் வேண்டும்: ‘ஸ்டோர்ஸிலிருந்து அசெம்பிளிக்கு மெட்டீரியல் கேட்டுப் பெறும் முறை’. இதில் ஸ்லிப்பும் அடங்கும், தாமதமும் அடங்கும்.

அடுத்து, ‘மூன்று வாரங்களாக’. ஜன்னல் முன்னால் சத்தம் வந்த நாளிலிருந்து எண்ணினால் மூன்று வாரம். முருகேசனைக் கேட்டால் ஸ்டாக் இடித்த நாலு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதே யார் ஆரம்பித்தது என்று சொல்லிவிடும். ஆகவே தொடக்க நாளே வேண்டாம். ‘தகராறு’ என்பதும் ஜன்னல் முன்னால் நடந்ததைத்தான் நினைவுபடுத்தும். ‘வெவ்வேறு கருத்து’ கொஞ்சம் சப்பென்று இருக்கும், பரவாயில்லை.

‘-ஆராம்’, ‘-தாகக் கூறப்படுகிறது’ மாதிரியான முடிவுகளிலும் கவனம் வேண்டும். “சத்தம் போட்டாராம்” என்று எழுதினால் ஒருவர் வந்து சொன்னார் என்றும் ஆகிறது, நாம் அதை நம்பவில்லை என்றும் ஆகிறது. ஒரே விகுதியில் இருவரையும் புண்படுத்துகிற வேலை. “இருவரிடமும் தவறு இருக்கலாம்” என்பதையும் நடுநிலை என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள். அது ஒருவர் மேல் சொல்ல வேண்டிய தீர்ப்பை இருவர் மேலும் பாதிப்பாதியாகச் சொல்வது.

கடைசியாக நம் ஊர்க் கடிதங்களின் நிரந்தர முடிவு: “தவறாமல் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.” மேலே எத்தனை தடவை ‘விருப்பம் இருந்தால்’ என்று எழுதியிருந்தாலும் இந்த ஒரு ‘தவறாமல்’ அத்தனையையும் அழித்துவிடும்.

கடிதம்

தனித்தனியாக இரண்டு கடிதம் எழுதலாம் என்று தோன்றும். எழுதாதீர்கள். பேசிக்கொள்ளாத இருவரும் கடிதத்தை மட்டும் எப்படியாவது ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள், அந்த ஹெல்பர் பையன் வழியாகவாவது. ஒரே வாசகம், இரண்டு பெயரும் மேலே, இரண்டு பிரதி. பெயர் வரிசைக்கு அகர வரிசைதான் பாதுகாப்பு. சீனியர் பெயர் கீழே வருகிறதே என்று முருகேசன் நினைக்கக்கூடும், அதனால் காரணத்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

> பெறுநர் (அகர வரிசைப்படி):
> திரு. சரவணன், அசெம்பிளி
> திரு. முருகேசன், ஸ்டோர்ஸ்
>
> பொருள்: விருப்பம் இருந்தால் பேசிப் பார்க்க ஓர் அழைப்பு
>
> வணக்கம்.
>
> ஸ்டோர்ஸிலிருந்து அசெம்பிளிக்கு மெட்டீரியல் கேட்டுப் பெறும் முறை பற்றி உங்கள் இருவருக்கும் வெவ்வேறு கருத்து இருப்பதை அறிகிறோம். இதில் யார் சொல்வது சரி என்று நிர்வாகம் எந்த முடிவுக்கும் வரவில்லை. இது மெமோ அல்ல, விசாரணைக்கான அழைப்பும் அல்ல.
>
> நீங்கள் இருவரும் விரும்பினால் ஒரு மத்தியஸ்தப் பேச்சுக்கு ஏற்பாடு செய்யலாம். உங்கள் இரு பிரிவுகளுக்கும் சம்பந்தம் இல்லாத ஒருவர் உடன் இருக்க, நீங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசுவதுதான் அது. அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். என்ன செய்வது என்று முடிவு செய்வது நீங்கள் இருவர் மட்டுமே.
>
> இரண்டாவது யூனிட்டில் பணிபுரியும், மத்தியஸ்தப் பயிற்சி பெற்ற ஒருவர் இதை நடத்துவார். அவர் பெயர் இணைப்புச் சீட்டில் உள்ளது. அவர் வேண்டாம் என்றால் காரணம் சொல்லாமலே வேறொருவரைக் கேட்கலாம்.
>
> முதலில் அவர் உங்கள் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திப்பார், சுமார் 45 நிமிடம். அதன் பிறகும் இருவருக்கும் விருப்பம் இருந்து, பேச்சு உதவும் என்று அவருக்கும் தோன்றினால், மூவரும் சேர்ந்து சுமார் 2 மணி நேரம் உட்காரலாம். நடுவே யார் கேட்டாலும் தனியாகப் பேச இடைவேளை உண்டு. எந்த நிமிடத்திலும் எழுந்து போகலாம். எல்லாம் வேலை நேரத்தில், பயிற்சிக் கட்டட மேல்மாடி அறையில். அந்த நேரம் டியூட்டியாகக் கணக்கிடப்படும்.
>
> அங்கே பேசுவதை மத்தியஸ்தர் நிர்வாகத்திடமோ உங்கள் மேலதிகாரியிடமோ சொல்ல மாட்டார். அவர் எடுக்கும் குறிப்புகள் பேச்சு முடிந்ததும் கிழிக்கப்படும். யாருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரியவந்தாலோ, சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டிய விஷயம் வந்தாலோ மட்டும் இது பொருந்தாது. நீங்கள் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தால் அதை உங்கள் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளலாம். அதில் எதை மற்றவர்களிடம் சொல்வது என்பதையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.
>
> வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. சம்மதித்தாலும் மறுத்தாலும் அது உங்கள் பர்சனல் ஃபைலில் இடம்பெறாது, இன்கிரிமெண்ட்டிலும் ஷிப்ட் ஒதுக்குவதிலும் கணக்கில் வராது. பேச்சு நடக்காவிட்டாலும், முடிவு காணாவிட்டாலும், வழக்கமான முறையில் குறையைத் தெரிவிக்கும் உங்கள் உரிமை அப்படியே இருக்கும்.
>
> இணைப்புச் சீட்டில் உங்கள் விருப்பத்தைக் குறித்து, ஒட்டிய உறையில், 7 வேலை நாளுக்குள் மத்தியஸ்தரிடம் சேர்க்கலாம். சீட்டு வராவிட்டால் இப்போது விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம்.

கையெழுத்துக்குக் கீழே ‘நகல்: உற்பத்தி மேலாளர்’ என்று போடக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மேலாளருக்கு நகல் போன கடிதத்தில் ரகசியம் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வாக்குறுதியும் அனுப்புவதற்கு முன்பே உண்மையாக இருக்க வேண்டும். குறிப்புகள் கிழிக்கப்படும் என்றால் நடத்துபவர் அதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பர்சனல் ஃபைலில் வராது என்றால் கடிதத்தின் ஆபீஸ் காப்பி எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் இடத்தில் ஒரு முறை ஃபைலிங் செய்பவர் வழக்கம்போல் இருவர் ஃபைலிலும் ஒரு காப்பி கோத்துவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனாலும் கடிதம் பொய்யாகிவிட்டது. இப்போது இவற்றுக்கென்று தனி உறை, தனி டிராயர். சட்டப் பிரிவுகளையும் கடிதத்தில் அடுக்க வேண்டாம். மத்தியஸ்தச் சட்டம், 2023 என்று ஒன்று இருப்பது நமக்குத் தெரிந்திருக்கட்டும். சக ஊழியர்களை உட்காரவைக்கும் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டால் வக்கீலைத் தேடித்தான் போவார்கள்.

மறுத்தது யார் என்று தெரியாமல் காப்பது

மத்தியஸ்தருக்கும் ஒரு மறுப்புரிமை கொடுத்து, தனிச் சந்திப்பை முன்னால் வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. இருவர் மட்டுமே உள்ள விஷயத்தில் மறுப்பு ரகசியமாக இருக்காது. நான் சம்மதம் என்று எழுதினேன், பேச்சு நடக்கவில்லை, அப்படியானால் மறுத்தவர் அவர்தான். இது கணக்கு தெரியாதவருக்கும் புரியும். அடுத்த நாள் கேன்டீனில் “நான் ரெடின்னு சொன்னேன், அவருக்குத்தான் தைரியம் இல்ல” என்று பேச்சு ஓடும். மறுக்கலாம் என்று நாம் சொன்னதே மறுத்தவருக்கு எதிராகத் திரும்பிவிடும்.

நடக்காமல் போவதற்கு மூன்று வழி வைத்தால் இது தளரும். ஒருவர் மறுத்திருக்கலாம், இருவருமே மறுத்திருக்கலாம், அல்லது மத்தியஸ்தரே இது இப்போது சரிவராது என்று நினைத்திருக்கலாம். நாம் சொல்வது “இப்போதைக்கு நடக்கவில்லை” என்ற ஒரே வரிதான். இந்த ஏற்பாடு நிற்க வேண்டுமென்றால், சீட்டில் முதலில் கேட்பது தனிச் சந்திப்புக்கு மட்டும் சம்மதமா என்பதாக இருக்க வேண்டும். சேர்ந்து உட்காரச் சம்மதமா என்பதை மத்தியஸ்தர் அந்தத் தனிச் சந்திப்பின் கடைசியில் கேட்டுக்கொள்வார். இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல, சந்தேகப்படுகிறவர் சந்தேகப்படுவார். ஆனால் அடித்துச் சொல்ல அவரிடம் ஆதாரம் இருக்காது.

கொடுக்கும் விதம்

தபால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அது மெமோதான். செக்யூரிட்டி வழியாகவோ சூப்பர்வைசர் வழியாகவோ அனுப்புவதும், வாட்ஸப்பில் போடுவதும் வேண்டாம். நான் நேரில், மூடிய உறையில், ஒரே நாளில் அரை மணி இடைவெளிக்குள் இருவருக்கும் கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது சொல்வதும் ஒரே வாசகம்: “இது மெமோ இல்ல. படிச்சுப் பாருங்க. அவருக்கும் இதே காகிதம்தான். வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல.” சரவணனிடம் “தம்பி, நீயாவது இறங்கி வா” என்றோ, முருகேசனிடம் “அண்ணே, சின்னப் பையன், பெரிய மனசு பண்ணுங்க” என்றோ ஒரு வார்த்தை கூடுதலாக வந்தால், கடிதத்தில் காத்த சமநிலை வராந்தாவில் போய்விடும். வயதையும் உறவுமுறையையும் வைத்துப் பேசுவது நமக்கு மூச்சு மாதிரி. அந்த ஐந்து நிமிடம் மட்டும் இருவருமே ‘சார்’.

படித்துவிட்டு வந்து கேட்பார்கள். முருகேசன் கேட்பது பெரும்பாலும் “வரலைன்னா இன்கிரிமெண்ட்ல கை வைப்பீங்களா?” என்று இருக்கும். கடிதத்தில் உள்ள வரியையே காட்டிச் சொல்லுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், ஏனென்றால் சேர்த்தது சரவணனுக்குக் கிடைத்திருக்காது. பதில் சொல்லியே ஆக வேண்டிய புதுக் கேள்வி வந்தால், அந்தப் பதிலை இரண்டு வரியில் எழுதி இருவருக்கும் கொடுத்துவிடுங்கள், கேட்டவர் யார் என்று குறிப்பிடாமல். சரவணன், “அவர் சரின்னுட்டாரா?” என்று கேட்பார். “சீட்டு என்கிட்ட வராது சார், எனக்கே தெரியாது” என்று சொல்ல முடிவதற்காகத்தான் சீட்டு நேராக மத்தியஸ்தரிடம் போகிறது.

ஏழு நாளில் ஒரு ஞாபகமூட்டல்கூட நான் அனுப்புவதில்லை. ஒன்றுக்குமேல் அனுப்பினால் அது நச்சரிப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அந்த ஒன்றையும்கூட, பதில் தராதவருக்கு மட்டும்தான் வந்தது என்று மற்றவர் கண்டுபிடித்துவிடலாம். எட்டாம் நாள் மத்தியஸ்தரிடமிருந்து எனக்கு வருவது ஒரு வரிதான்: தனிச் சந்திப்பு தொடங்குகிறது, அல்லது இப்போதைக்கு இல்லை. இல்லை என்றால் இருவருக்கும் அதே வரியை அன்றே சொல்லிவிட்டு, ஸ்லிப் முறையையும் மெட்டீரியல் வரும் நேரத்தையும் அந்தந்த மேலாளர்கள் வழக்கமான வழியில் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.